பத்து மணி நேரக் கன்னடம்

என் சித்திக்கு 61 வயதில் மதுரையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போன வாரமே என்னிடம் ஃபோனில் சொன்னார்: "ஒரு நாளைக்கு எனக்குன்னு கிடைக்கிறது அவன் மதியம் தூங்குற நேரம் மட்டும்தான்டா. அதுலயும் இருபது நிமிஷம்தான் முழிச்சிருப்பேன்." அந்த இருபது நிமிடத்தில் ஒரு மாதம் கன்னடம் படிப்பது என்று முடிவானது. மொத்தமாகக் கூட்டினால் பத்தே மணி நேரம்.

பத்து மணி நேரத்தில் ஒரு மொழி வராது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் தமிழ் கற்க 44 வாரம் முழுநேர வகுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் தமிழர் கன்னடம் கற்பது வேறு கணக்கு. "நனகெ காபி பேக்கு" என்பதை "எனக்குக் காபி வேண்டும்" என்பதன் மேல் வைத்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் அதே இடத்தில் உட்காரும். வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியே இல்லை. எனவே பத்து மணி நேரமும் சொல்லுக்கும் ஒலிக்கும் போய்ச் சேரும். முப்பதாம் நாள் கடையில், ஆட்டோவில், பக்கத்து வீட்டு வாசலில் மூன்று நிமிடம் சமாளிக்கலாம். நாங்கள் வைத்த குறி அவ்வளவுதான்.

சித்தி முதலில் செய்த தவறு, பேருந்து நிலையக் கடையில் முப்பது நாளில் கன்னடம் என்ற வகைப் புத்தகம் ஒன்றை வாங்கியது. புத்தகத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. தமிழில் "பயம்", "பல்" இரண்டுக்கும் ஒரே ப தான். எதை எப்படி ஒலிப்பது என்று நமக்குப் பழக்கத்தில் தெரியும். கன்னடத்தில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. ஆட்டைக் குறிக்கும் "குரி"யும், நாம் குறி என்கிற இலக்கைச் சொல்லும் "குரி"யும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். வாயில் வேறு: ஆட்டுக்குக் "கல்"லில் வரும் க, இலக்குக்குக் "கோலி குண்டு" என்னும்போது குண்டில் வரும் கு. வேண்டும் என்பதற்கான "பேக்கு"வில் வருவது "பயம்" என்பதன் ப. அதை "பேய்" போலச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார். இந்தக் கட்டுரையிலும் அதே சங்கடம்தான். இதை வாசித்து உச்சரிப்பு கற்க முடியாது.

எனவே புத்தகம் பரணுக்குப் போனது. கீழ்வீட்டில் இருந்த கன்னட அம்மா ஒருவர் தினம் நான்கு வாக்கியங்களை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்ப ஒப்புக்கொண்டார். கேட்ட பிறகுதான் நோட்டில் எழுதலாம். "பயம்" போன்ற அழுத்தமான ஒலி வரும் இடத்தில் எழுத்தின் அடியில் ஒரு கோடு. வானொலிச் செய்தியைக் கேட்கலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். வேண்டாம் என்றேன். செய்திக் கன்னடம் "ஹோகுத்தேனெ" என்னும், தெருவில் "ஹோக்தீனி". நம் செய்தி வாசிப்பாளர் மாதிரி காய்கறி வாங்குகிறவர் யாரும் இல்லையே.

இருபது நிமிடத்தை இப்படிப் பிரித்தோம். முதல் ஐந்து நிமிடம் பழைய வாக்கியங்கள். அடுத்த பத்து நிமிடம் புதிய நான்கு: கேட்பது, கூடவே சொல்வது, பிறகு பதிவை நிறுத்திவிட்டுச் சொல்வது. கடைசி ஐந்து நிமிடம் அவற்றில் ஒரு சொல்லை மாற்றிப் போடுவது. காபி இருந்த இடத்தில் டீ, பேக்கு இருந்த இடத்தில் "பேடா", அதாவது வேண்டாம். ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள் புதிதாக எதுவும் கிடையாது. முப்பது நாளில் அப்படி ஐந்து நாள் கழிந்தால் மீதி 25 நாள், நூறு வாக்கியம். தனிச் சொற்களைப் பட்டியலாகப் படிக்கவே இல்லை.

பழையதைத் திருப்பும் ஐந்து நிமிடத்தில்தான் இந்தத் திட்டமே நிற்கிறது. 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைக் கொண்டுபோகிறது, பிறகு மெல்ல நடக்கிறது. ஆகவே ஒரு வாக்கியத்தை ஒரே நாளில் முப்பது தடவை சொல்வதைவிட, மறக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு தடவை இழுத்துப் பிடிப்பது மேல். மூன்றாம் நாள் கற்ற "நனகெ காபி பேடா" நான்காம் நாள், ஆறாம் நாள், பத்தாம் நாள், பதினெட்டாம் நாள் திரும்ப வரும். நோட்டின் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் கன்னடம். வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, தமிழைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று விநாடிக்குள் வராவிட்டால் அந்த வாக்கியத்துக்கு நாளை மறுபடி முதல் நாள். சித்தி முதல் வாரம் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்து வாசித்துவிட்டு "எல்லாம் தெரியுதே" என்றார். மூடச் சொன்னேன், பாதிதான் வந்தது. பார்த்தால் அடையாளம் தெரிவதும் கேட்டால் நாக்கில் வருவதும் வேறு வேறு.

முதல் ஆறு நாளின் இருபது வாக்கியங்களும் பேக்கு, பேடா, "எல்லி" என்னும் எங்கே, "எஷ்டு" என்னும் எவ்வளவு, "சாக்கு" என்னும் போதும், "கொத்தில்லா" என்னும் தெரியாது ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. எண்கள் கிட்டத்தட்ட இலவசம். ஒந்து, எரடு, மூரு, நால்க்கு என்று போய் எண்டு, ஒம்பத்து, ஹத்து என முடியும். இங்கே ஒரு வேடிக்கை. "இல்லா" என்றால் இல்லை. "இல்லி" என்றால் இங்கே. "இல்லி இதெ" என்று கடைக்காரர் சொன்னதும் சித்தி சரக்கு இல்லை என்று நினைத்து நடையைக் கட்டியிருக்கிறார். அவரோ இங்கே இருக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டாவது வாரத்தில் ஒலிச் சாவி. பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப, பின்னாளில் ஹ ஆகிவிட்டது. தமிழ் பழையதையே வைத்துக்கொண்டது. பால் ஹாலு, பணம் ஹண, பூ ஹூவு, புலி ஹுலி, பல் ஹல்லு, பெண்டாட்டி ஹெண்டத்தி. அதுபோல நம் வ அங்கே அழுத்தமான ப: வா என்பது பா, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வாழை பாளெ. நம் ச சில இடங்களில் அங்கே க: செவி கிவி, சிவப்பு கெம்பு. இதைச் சொன்ன அன்று சித்திக்கு ஒரே குதூகலம். சமையலறையில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தார். "அப்போ பருப்பு ஹருப்பா?" இல்லை, அது "பேளெ". சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. சமஸ்கிருதத்திலிருந்து வந்த பூஜெ, புஸ்தக போன்றவற்றில் ப அப்படியே நிற்கும். வெங்காயம் "ஈருள்ளி", கீரை "சொப்பு"; இவற்றைத் தனியாகத்தான் கற்க வேண்டும். காதில் விழுந்த புதுச் சொல்லை ஊகிக்க இந்தச் சாவி உதவும். நாமே புதுச் சொல் செய்து பேசினால் கவிழ்க்கும்.

பதின்மூன்றாம் நாள் திட்டம் முக்கியது. திரும்ப வரும் வாக்கியங்கள் குவிந்து, ஐந்து நிமிடம் பன்னிரண்டு ஆயிற்று. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மூன்று விநாடி விதிப்படி தவறியவை எல்லாம் முதல் நாளுக்குத் திரும்பியதால் வந்த நெரிசல் அது. நேரத்தைக் கூட்டவில்லை. இரண்டு நாள் புதிய வாக்கியங்களை நிறுத்தினோம். நெரிசல் தானே வடிந்தது. நூறு என்பது 92 ஆனது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் வினைச்சொல். மூன்று முடிவுகள் மட்டும் எடுத்துக்கொண்டோம். "பர்தீனி" என்றால் வருகிறேன், வருவேன் இரண்டும். "பந்தெ" என்றால் வந்தேன். "பரல்லா" என்றால் வரமாட்டேன். இதில் நான், நீ, அவர் எல்லோருக்கும் ஒரே வடிவம், நம்முடையதைவிட எளிது. கிளம்பும்போது அவர்களும் போகிறேன் என்பதில்லை, "ஹோகி பர்தீனி". போய்வருகிறேன்! "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டால் சாப்பாடு ஆயிற்றா. தெரியாத வினை வந்தால் "மாடி" கைகொடுக்கும்: செய்யுங்கள் என்று பொருள். ஃபோன் மாடி, வெயிட் மாடி, "கடிமெ மாடி" என்றால் விலையைக் குறையுங்கள். நம்மூர் மாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைசி வாரம் வெளியே போனோம், எதிர்பாராத ஒரு தடை வந்தது. சித்தி வாயைத் திறந்ததும் தள்ளுவண்டிக்காரர் "என்னம்மா வேணும்?" என்றார், நல்ல தமிழில். பெங்களூரில் இது சாதாரணம். தமிழ் வாடை தெரிந்தவுடன் மாறிவிடுவார்கள், உதவியாகத்தான். அதற்காகவே ஒரு வாக்கியத்தைக் கூடுதலாக வாங்கினோம்: "கன்னடதல்லே ஹேளி, கலீதா இத்தீனி." கன்னடத்திலேயே சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடை, கேள்வி கேட்கத் தெரிந்து பதில் புரியாமல் போவது. "இது எப்படிச் சமைப்பது?" என்று கேட்டால் பதில் வெள்ளமாக வரும். "கேஜி எஷ்டு?" என்றால் வருவது ஓர் எண்தான். "எல்லி?" என்றால் பெரும்பாலும் இல்லி, அல்லி, ஒரு கைநீட்டல். பதில் சிறிதாக வரும்படி கேள்வியை அமைத்துக்கொண்டால் காது தாக்குப்பிடிக்கும்.

எழுத்தைத் தொடவே இல்லை. பேருந்துப் பலகை படிக்க ஆசைதான். ஆனால் பத்து மணி நேரத்தில் எழுத்தையும் சேர்த்தால் பேச்சும் வராது, எழுத்தும் வராது. இரண்டாவது மாதத்துக்கு அது.

முப்பதாம் நாள் நான் அங்கே இருந்தேன். சித்தி வண்டிக்கு முன் நின்று, "பதனெகாயி கேஜி எஷ்டு?" என்றார். "அறுபத்தம்மா" என்பதற்குப் பதிலாக "அரவத்து" என்று வந்தது. "ஜாஸ்தி ஆய்து, கடிமெ மாடி." அவர் சிரித்து ஐவத்து என்றார். "அர்த கேஜி கொடி." கொத்தமல்லி வேண்டுமா என்று கேட்டதற்கு "பேடா, மனெயல்லி இதெ." எடை போட்டுக்கொண்டே அவர் கேட்டார், "நிம்மது யாவ ஊரு?" அந்த வாக்கியம் நோட்டில் இல்லை. சித்தி ஒரு விநாடி யோசித்தார், "ஊரு" என்பதைப் பிடித்துக்கொண்டார்.

"மதுரெ," என்றார்.