குடியானவர் பேச்சும் எழுத்துக்கூட்டலும்

ஸ்பானிஷ் கதைகளில் கிராமத்துக்காரர் வாய் திறந்ததும் எழுத்துக்கூட்டலை உடைப்பது பழைய வழக்கம். 'பாரா' என்ற சொல் 'பா' என்று குறுகும். களைத்துப்போனவனைக் குறிக்கும் 'கன்சாடோ', 'கன்சாவோ' ஆகும். வேகமாகப் பேசும்போது மாட்ரிட் நகரத்துப் படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சைத் திருத்தமாக அச்சிட்டுவிட்டு, குடியானவர் பேச்சை மட்டும் காதில் விழுந்தபடி எழுதினால், 'இவர் படிக்காதவர்' என்று வாசகரிடம் கோள் சொன்னதாகத்தான் ஆகும். கேலிச்சித்திரம் பிறப்பது இந்த ஓரவஞ்சனையில்தான்.

எழுத்தை உடைப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். அர்ஜென்டினாவின் ஹொசே எர்னாண்டஸ் 1872இல் வெளியிட்ட 'மார்ட்டின் ஃபியர்ரோ' காவியத்தில், மாடு மேய்க்கும் கௌச்சோவின் உச்சரிப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் கதையைப் பாடுகிறவனே அந்தக் கௌச்சோதான். அவனைக் குனிந்து பார்க்கும் திருத்தமான குரல் மேலே உட்கார்ந்திருக்கவில்லை.

மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ வேறு வழியில் போனார். ஹலிஸ்கோ மாநிலத்து ஏழை விவசாயிகளைப் பற்றிய அவருடைய சிறுகதைத் தொகுப்பு 1953இல் வந்தது. அதில் எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் பொதுமொழியிலேயே இருக்கிறது. வாக்கியம் ஓடும் விதமும், சொன்னதையே திரும்பச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும்தான் மண்ணைக் காட்டுகின்றன.

நானே ஒரு வாக்கியம் அமைத்துக் காட்டுகிறேன். தம்பி வடக்கே போய்விட்டான் என்பதைப் பழைய பாணியில் 'மி எர்மானோ செ ஹுவே பால் நோர்த்தே' என்று எழுதுவார்கள். உச்சரிப்பு தெரிகிறது, ஆள் தெரியவில்லை. 'மி எர்மானோ செ நோஸ் ஃபுவே' என்று எழுதிப் பாருங்கள். நடுவில் வந்த 'நோஸ்', அவன் எங்களை விட்டுப் போனான் என்ற இழப்பைச் சேர்க்கிறது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வீட்டு மனிதர் ஒருவர் பேசுவது காதில் விழுகிறது.

மரியாதைச் சொல்லும் இதே வேலையைச் செய்யும். அந்தத் தொகுப்பில் 'நாய்கள் குரைப்பது உனக்குக் கேட்கவில்லையா' என்றொரு கதை. காயம்பட்ட மகனைத் தோளில் சுமந்து, தோனயா என்ற ஊருக்கு இரவில் நடக்கிறார் தந்தை. முதலில் 'து' என்று, அதாவது 'நீ' என்று பேசுகிறார். மகன் கொள்ளையும் கொலையுமாகத் திரிந்ததைச் சொல்லிக் கடியும்போது, 'நீங்கள்' என்பதற்கு ஈடான 'உஸ்தெத்'துக்கு மாறிவிடுகிறார். அந்த மரியாதை ஒரு தண்டனை. பெற்ற பிள்ளையை அந்நியனாக்கித் தள்ளி நிறுத்துவது. பிறகு மறுபடி 'நீ' வந்துவிடுகிறது; மகன் பிறந்ததை நினைக்கும்போதும் அந்த 'நீ'தான். ஒரு மனிதரின் கோபமும் பாசமும் இரண்டு சிறு சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஸ்பானிஷில் எழுதுகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குடியானவருக்குப் போட்ட உச்சரிப்புக் குறியை அதே பக்கத்தில் பேசும் டாக்டருக்கும் பாதிரியாருக்கும் போடுங்கள். அங்கே கை கூசினால், குடியானவர் பேச்சிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள்.