பக்கவாட்டில் நகரும் கப்பல்

1953-இல் நியூயார்க்கில் இழுவைப் படகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நேரத்தில்தான் ‘குவீன் மேரி’ அங்கே வந்து சேர்ந்தது. 311 மீட்டர் நீளக் கப்பல். வழக்கமாகப் பல இழுவைப் படகுகள் சூழ்ந்து நின்று தள்ளியும் இழுத்தும்தான் அதைத் தளத்தில் சேர்க்கும். அன்று ஒன்றுகூட இல்லை. கேப்டன் டொனால்ட் சோரல் படகுத் துணையில்லாமலே கப்பலைக் கட்டிவிட்டார். பத்திரிகைகள் அதைச் சாகசமாக எழுதின. சாகசம்தான். அந்தக் கப்பலுக்கு முன்னே போகத் தெரியும், பின்னே வரத் தெரியும், ஓடிக்கொண்டிருந்தால் சுக்கானைத் திருப்பி வளையத் தெரியும். பக்கவாட்டில் ஓரடி நகர மட்டும் தெரியாது.

அதே பெயரின் வாரிசான ‘குவீன் மேரி 2’ 2004-இல் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர், பழையதைவிடப் பெரியது. அது தளத்துக்கு இணையாக, ஐம்பது மீட்டர் தள்ளி, அசையாமல் நின்றுகொண்டு, அப்படியே நண்டுபோலப் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் இழுவைப் படகுக்கு அங்கே வேலை இருக்காது. இந்த வித்தைக்குக் காரணம் இரண்டு கருவிகள்: முன்பக்கம் இருக்கும் பவ் த்ரஸ்டர், பின்பக்கம் தொங்கும் அசிமத் பாட்.

நம் மீனவர்கள் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். பவ் த்ரஸ்டர் இருப்பது அங்கேதான், தண்ணீருக்கு அடியில். கப்பலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை குறுக்கே ஒரு குழாய் துளைத்து, அதன் நடுவில் ஒரு காற்றாடியைப் பொருத்திவிட்டால் அதுதான் த்ரஸ்டர். மேலே நிற்கும் மின்மோட்டார் பல்சக்கரம் வழியாக அதைச் சுற்றுகிறது. தண்ணீரை இடப்பக்கம் வாரி வீசினால் அணியம் வலப்பக்கம் போகும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் முன்பக்கத்தில் வெள்ளை வட்டமும் அதற்குள் பெருக்கல் குறிபோன்ற ஒரு கோலமும் இருந்தால், அதற்கு நேர்கீழே த்ரஸ்டர் இருக்கிறது என்று பொருள். சிறு படகுகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது.

குவீன் மேரி 2-இல் இப்படி மூன்று குழாய்கள். ஒவ்வொன்றின் திறனும் 3.2 மெகாவாட், அதாவது ஏறத்தாழ 4,300 குதிரைசக்தி. மூன்றையும் கூட்டினால் நம் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின்கள் இரண்டுக்குச் சமம். கடலைத் தாண்டுவதற்கு இந்தச் சக்தியால் ஒரு பயனும் இல்லை. தளத்தில் ஒட்டும்போதும் விடுபடும்போதும் சில நிமிடங்கள் ஓடுவதற்காகவே இவ்வளவும்.

பின்பக்கக் கதை வேறு. கட்டுமரத்தில் நிற்பவர் துடுப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பித் தண்ணீரைத் தள்ளுவார். அவருக்குத் தள்ளும் கருவியும் திருப்பும் கருவியும் ஒன்றே. பெரிய கப்பல்களில் இவை இரண்டாகப் பிரிந்திருந்தன. எஞ்சினிலிருந்து நீண்ட தண்டு போய் காற்றாடியைச் சுற்றும். அதன் பின்னால் நிற்கும் சுக்கான் அந்த ஓட்டத்தைத் திருப்பும். பாட் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கியது. கப்பலின் அடியில் தொங்கும் ஒரு உலோகக் கூடு. மின்மோட்டார் அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதன் நுனியில் காற்றாடி. கூடு முழுவதையும் 360 பாகையும் சுழற்றலாம். சுக்கான் தேவையில்லை, நீண்ட தண்டும் தேவையில்லை. மேலே ஜெனரேட்டர்கள் மின்சாரம் தயாரிக்கின்றன, கம்பி வழியாக அது கீழே இறங்குகிறது, அவ்வளவுதான்.

உல்லாசக் கப்பல்களுக்காக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஃபின்லாந்துக்காரர்களின் பனிக்கடல் தொல்லைதான் தொடக்கம். உறைந்த கடலில் மாட்டிக்கொண்ட கப்பலுக்கு முன்னும் பின்னும் மட்டும் தள்ளினால் போதாது, சக்தியை வேண்டிய பக்கம் திருப்பிப் பனியை உடைக்க வேண்டும். 1990-இல் ‘செய்லி’ என்ற சிறு கப்பலில் 1.5 மெகாவாட் பாட் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், ‘எலேஷன்’ என்ற உல்லாசக் கப்பலுக்கு அது வந்தது. குவீன் மேரி 2-இல் நான்கு பாட்கள், ஒவ்வொன்றும் 21.5 மெகாவாட். அவற்றில் இரண்டு அசையாமல் முன்பின் மட்டும் தள்ளும், மற்ற இரண்டும் சுழலும்.

தளத்தில் சேர்க்கும் காட்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கேப்டனும் துறைமுகப் பைலட்டும் கப்பலின் பிரிட்ஜில் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைப் பகுதிக்கு வந்துவிடுவார்கள். அங்கே நின்றால் கப்பலின் முழுப் பக்கமும் தளத்தின் ஓரமும் தெரியும். சில கப்பல்களில் அங்கே தரையிலும் கண்ணாடி இருக்கும், காலடியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இயக்கலாம். வேகத்தைக் குறைத்து, தளத்துக்கு இணையாக வந்ததும் அசையாத பாட்களைப் பின்னோக்கி ஓட்டிக் கப்பலை நிறுத்துகிறார்கள். பிறகு சுழலும் பாட்களைக் குறுக்காகத் திருப்புகிறார்கள். இப்போது அணியத்தை த்ரஸ்டர்களும் பின்பக்கத்தைப் பாட்களும் ஒரே அளவில் தள்ள வேண்டும். ஒரு பக்கம் கூடினால் கப்பல் நகர்வதற்குப் பதில் சுழலும். இந்தக் கணக்கைக் கணினியே போட்டுக்கொள்ளும்படி ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்கும் வைத்திருக்கிறார்கள். கடைசிச் சில மீட்டரில் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட வேண்டும். பல்லாயிரம் டன் எடைக்கு அதுவே வேகம்தான். அதனால் தளம் தொடுவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

மேற்சொன்னதில் ‘கப்பலை நிறுத்துகிறார்கள்’ என்ற சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. த்ரஸ்டர் நின்ற கப்பலின் கருவி. கப்பல் முன்னே ஓடும்போது, குழாயிலிருந்து வரும் தண்ணீர்ப் பீச்சு நேராக வெளியே போகாமல் வளைந்து கப்பலின் பக்கத்தோடு ஒட்டிப் பின்னே ஓடுகிறது. ஓடும் அந்தத் தண்ணீர் அங்கே அழுத்தத்தைக் குறைத்து, கப்பலைத் தன் பக்கமே உறிஞ்சுகிறது. ஒரு கையால் தள்ளி இன்னொரு கையால் இழுப்பதுபோல. இரண்டு மூன்று நாட் வேகத்திலேயே பலம் குறைந்துவிடும், ஐந்து நாட்டைத் தாண்டினால் பெயருக்குத்தான் ஓடும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலிலும் 2,500 கிலோவாட் த்ரஸ்டர்கள் இரண்டு இருந்தன. பன்னிரண்டு பதின்மூன்று நாட் வேகத்தில் ஒரு பக்கமாக இழுபட்ட கப்பலுக்கு அவை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

கப்பல் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்பதும் இதோடு சேரும். முன்னே ஓடும் கப்பலின் திருப்புபுள்ளி அணியத்தை நோக்கி நகர்ந்துவிடும். நெம்புகோலின் கை குறுகிப்போவதால் த்ரஸ்டருக்குப் பிடி கிடைப்பதில்லை. பின்னே வரும் கப்பலில் அந்தப் புள்ளி பின்பக்கம் போய்விடும், அணியத்திலிருந்து தள்ளும் தள்ளுக்கு முழு நெம்பலும் கிடைக்கும். பின்னே போகும்போது முன்முனை இவ்வளவு கீழ்ப்படிவதைக் கண்டு வியந்த அனுபவம் பல பைலட்டுகளுக்கு உண்டு.

அடுத்த எதிரி காற்று. உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் சுவர். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மீட்டர் நீளமும் தண்ணீருக்கு மேலே சராசரி முப்பத்தைந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உள்ள கப்பலுக்குப் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர மீட்டர். 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், அதை நேர்ப்பக்கமாக அடித்தால் தள்ளும் விசை ஏறத்தாழ 65 டன். வேகம் 30 நாட் ஆனால் விசை 146 டன். 40 நாட் ஆனால் 260 டன். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால் இந்தத் தாவல். இனி எதிர்ப்பலம். 100 குதிரைசக்திக்கு ஒரு டன் தள்ளு என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. அதன்படி 4,300 குதிரைசக்தி த்ரஸ்டர் ஒன்று 43 டன், மூன்றும் சேர்ந்து 129 டன். காற்றில் பாதியை அணியமும் பாதியைப் பின்பக்கமும் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். 20 நாட்டில் ஒரு த்ரஸ்டர் போதும். 30 நாட்டில் இரண்டு த்ரஸ்டர்கள் முழு மூச்சில் ஓடினால்தான் தாக்குப்பிடிக்கும், நகர்வதற்கு மூன்றாவது வேண்டும். 40 நாட்டில் அணியத்தின் பங்கே 130 டன். மூன்றையும் ஓட்டினாலும் நிற்கவே சரியாகிவிடும், நகர ஒன்றும் மிஞ்சாது. அப்போது படகைக் கூப்பிடத்தான் வேண்டும். நல்ல இழுவைப் படகு ஒன்றின் இழுப்பு 60 டன் அளவுக்கு இருக்கும். அந்தப் படகுகளின் அடியிலேயே சுழலும் காற்றாடிகள்தான் இருக்கின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை.

அப்படியானால் சரக்குக் கப்பல்கள் ஏன் பாட் போடவில்லை என்று கேட்கலாம். பதில் பணத்தில் இருக்கிறது. உல்லாசக் கப்பல் கிட்டத்தட்ட தினம் ஒரு துறைமுகம் தொடும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று படகுக்குக் கூலி கொடுப்பதைவிட, கப்பலிலேயே பலத்தை வைத்துக்கொள்வது லாபம். பெருங்கடல்களைக் கடக்கும் சரக்குக் கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குப் போக வாரக்கணக்கில் ஆகலாம். கடலில் போகும் நாட்களுக்கு ஒற்றைத் தண்டும் ஒற்றைக் காற்றாடியும்தான் சிக்கனம். துறைமுகத்தில் படகுக்குக் கொடுக்கும் கூலி அதன் கணக்கில் சிறு செலவு.

துறைமுகங்களுக்கும் இதில் ஒரு குறை உண்டு. தளத்தை விட்டு விலகும்போது த்ரஸ்டர் தண்ணீரைத் தளத்தின் சுவரை நோக்கியே வீசுகிறது. அந்தப் பீச்சு சுவரில் மோதித் தரைக்குத் திரும்பி, அடியில் மண்ணை அரித்துக் குழி பறிக்கும். மேலே நிற்பவருக்குத் தெரிவது கலங்கிய தண்ணீர் மட்டும். கொஞ்ச காலத்தில் சுவரின் அடித்தளமே அந்தரத்தில் நிற்கக்கூடும். அதனால் சில தளங்களில் தரையில் கல்லும் கான்கிரீட் பாளமும் பரப்பி வைக்கிறார்கள்.

எல்லாம் மின்சாரம் என்பதுதான் கடைசிச் சிக்கல். 2010 செப்டம்பர் 23 அதிகாலை, குவீன் மேரி 2 பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருந்தது. மின்கட்டமைப்பில் அலைச் சிதைவைச் சீராக்கும் அறையில் ஒரு மின்தேக்கி வெடித்தது. சில நொடிகளில் நான்கு பாட்களும் நின்றன, அடுத்து ஜெனரேட்டர்களும் அணைந்து கப்பல் இருண்டது. யாருக்கும் காயமில்லை. திறந்த கடலில் மிதந்துகொண்டிருந்ததால் மோத எதுவும் அருகில் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டு நகரத் தொடங்கியது. அதே வெடிப்பு, தளத்திலிருந்து ஐம்பது மீட்டரில், பக்கவாட்டுக் காற்றில் நடந்திருந்தால் த்ரஸ்டரும் பாட்டும் ஒரே நொடியில் போயிருக்கும். கயிறு கட்டாமலே பக்கத்தில் ஒரு இழுவைப் படகை எஞ்சின் ஓடியபடி நிறுத்தி வைக்கும் பைலட்டுகள், மனத்தில் வைத்திருப்பது அந்த நொடியைத்தான்.