முதல் வரியிலேயே சேலை தெரியணும்

வீட்டிலிருந்தபடி சேலை விற்பவர்கள் புது ஸ்டாக் வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிடுகிறார்கள். அதை வாங்குபவர் முதலில் முழுதாகப் பார்ப்பதில்லை. பூட்டிய போனில் ஓரிரு வரி தெரியும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் சாட் வரிசையில், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு துண்டு தெரியும். உள்ளே போவதா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்பது அந்தத் துண்டிலேயே முடிவாகிவிடுகிறது. ‘அப்புறம்’ என்று விட்டது சாயங்காலத்துக்குள் இருபது மெசேஜுக்கு அடியில் போய்விடும்.

சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடி எடுத்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் அனுப்புவது அநேகமாக இப்படி இருக்கும்: நாலு பூ, ரெண்டு கும்பிடு, “அன்புச் சகோதரிகள் அனைவருக்கும் இனிய காலை வணக்கம். நமது கடையில் புத்தம் புதிய கலெக்‌ஷன் வந்துள்ளது.” சேலை என்ன, விலை என்ன என்பதெல்லாம் ஐந்தாவது வரியில் வரும். வாங்குபவரின் திரையில் தெரிவதோ பூவும் கும்பிடும் ‘அன்புச் சகோதரிகள்’ என்பதும் மட்டும். பெரியப்பா தினமும் அனுப்பும் குட்மார்னிங் படத்துக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது.

தமிழில் எழுதும்போது இந்த இடம் இன்னும் சுருங்கும். ‘ண’, ‘ழை’, ‘னை’ எல்லாம் அகலமான எழுத்துகள். சாட் வரிசையின் ஒரு வரியில் இருபது, இருபத்தைந்து எழுத்து நின்றாலே அதிகம். போனுக்குப் போன் இது மாறும், எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குறையும். அதனால் கடைப் பெயரை முதலில் போடுவது வீண். அனுப்பியது யார் என்பதுதான் மேலே தெரிகிறதே. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் மெசேஜ், நம் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அவர்கள் போனில் நாம் ‘சுங்குடி அக்கா’ என்று ஏதோ ஒரு பெயரில் ஏற்கெனவே இருக்கிறோம். ‘புது ஸ்டாக்’ என்று தொடங்குவதும் அப்படித்தான். சேலை விற்பவர் வேறு எதற்கு மெசேஜ் அனுப்பப்போகிறார்?

அதே சரக்கை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

“சுங்குடி காட்டன் ₹650, 12 கலர். பிளவுஸ் உண்டு. சாயங்காலம் 5 மணிக்குள் சொன்னால் நாளைக்கு கூரியர்.”

‘கலர்’ வரைக்கும் இடைவெளி, கமா எல்லாம் சேர்த்து 22 எழுத்து. மீதி வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. பொருள், விலை, தேர்ந்தெடுக்க எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றும் வந்துவிட்டன. பூட்டிய திரையில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தால் பிளவுஸும் தெரியும். வணக்கம் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் கடைசி வரியில் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எதை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போன தடவை அனுப்பியதற்கு வந்த பதில்களை எடுத்துப் பார்த்தால் போதும். பத்துப் பேரில் ஏழு பேர் “எவ்ளோ அக்கா?” என்று கேட்டிருந்தால் விலை உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது. “பிளவுஸ் இருக்கா?” என்பது திரும்பத் திரும்ப வந்தால் அது அடுத்த இடத்துக்கு ஏற வேண்டும். சுங்குடியில் விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கையால் முடிச்சுப் போட்டதா, பிரிண்டா என்பது. இரண்டுக்கும் வேலையும் வேறு, விலையும் வேறு. கைமுடிச்சு என்றால் அந்தச் சொல்தான் வரியின் தலையில் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் விலையைப் பார்த்ததும் ஆள் நகர்ந்துவிடுவார்.

விலையை மறைப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. நம்மிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர்கள் நாம் அனுப்பும் படத்தை அப்படியே தங்கள் ஆட்களுக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். படத்தோடு நம் விலை ஒட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு மார்ஜின் வைக்க வழியில்லை. இதற்காக எல்லோரிடமும் விலையை ஒளித்து “இன்பாக்ஸ் வாங்க” என்று எழுதுவது சரியில்லை. லிஸ்டை இரண்டாகப் பிரித்துவிடலாம். நேரடியாகக் கட்டிக்கொள்ள வாங்குபவர்களுக்கு விலையோடு ஒன்று. ரீசெல்லர்களுக்கு விலை இல்லாத படம், அதன் பின்னால் விலையை மட்டும் சொல்லும் தனி மெசேஜ். கடைசியாக வந்ததே சாட் வரிசையில் தெரியும் என்பதால் அவர்களும் விலையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடைசியாக வந்தது தெரியும் என்ற இந்த விஷயம்தான் பலரைக் கவிழ்க்கிறது. அழகாக ஒரு மெசேஜ் எழுதி அனுப்பிவிட்டு, பின்னாலேயே பன்னிரண்டு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவார்கள். வாங்குபவர் திரையில் மிஞ்சுவது ஒரு கேமரா குறியும் ‘புகைப்படம்’ என்ற சொல்லும்தான். எழுதியது மேலே எங்கோ போய்விட்டது. படங்களை முதலில் அனுப்பிவிட்டு எழுத்தைக் கடைசியில் வைத்தால் இது சரியாகும். அதைவிட நல்லது, 12 கலரையும் ஒரே படமாகச் சேர்த்து, அந்த வரியைப் படத்துக்குக் கீழே கேப்ஷனாகப் போடுவது. கேப்ஷன் சாட் வரிசையிலும் தெரியும். போனும் பன்னிரண்டு தடவை டிங் டிங் என்று கத்தாது. அப்படிக் கத்திய நம்பரைத்தான் முதலில் மியூட் செய்கிறார்கள், பிறகு பிளாக் செய்கிறார்கள். நிறையப் பேர் ரிப்போர்ட் அடித்தால் வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிவிடக்கூடும். ஒவ்வொரு கலரையும் தனியாகக் காட்டும் படங்களைக் கேட்டவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

அனுப்பும் முன் சோதித்துப் பார்க்க, வீட்டிலேயே இன்னொரு போனுக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்மாவோ மாமியாரோ பெரிய எழுத்து வைத்திருக்கும் போன் இருந்தால் அதுவே சரியான போன். பூட்டி வைத்து ஒருமுறை, சாட் வரிசையில் ஒருமுறை பார்க்க வேண்டும். சேலையும் விலையும் அதில் தெரியவில்லை என்றால் வரியை இன்னும் வெட்டலாம். திரையில் மெசேஜே காட்டக் கூடாது என்று செட்டிங் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் வரி சாட் வரிசையில்தான் வேலை செய்யும்.

வரி நன்றாக இருந்தும் பதில் வராவிட்டால், மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் திறந்தால் யாருக்கெல்லாம் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் தொண்ணூறு பேர் எத்தனை நாளானாலும் ‘சேர்ந்தது’ பட்டியலுக்கே வரவில்லை என்றால், பெரும்பாலும் அவர்கள் நம் நம்பரை சேவ் செய்திருக்க மாட்டார்கள். பார்சலுக்குள் வைக்கும் பில்லில் “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சேலை வந்தா தெரியும்” என்று எழுதி அனுப்புபவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள். ‘படித்தது’ பட்டியலை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் படித்தாலும் அதில் வரமாட்டார்கள்.

இப்போது பலர் வாட்ஸ்அப் சேனலுக்கு மாறுகிறார்கள். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வசதி அது. நம்பர் சேவ் செய்யத் தேவையில்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம். ஆனால் அது சாட் வரிசையில் வராது, தனிப் பக்கத்தில் இருக்கும். பின்தொடர்பவர் தானே சத்தத்தை இயக்கினால் ஒழிய போன் மணி அடிக்காது. சேனலுக்குள் “இந்த மாம்பழ மஞ்சள் எனக்கு எடுத்து வைங்க” என்று வாங்குபவர் பதில் எழுதவும் முடியாது. அதனால் மொத்த ஸ்டாக்கையும் காட்டி வைக்கச் சேனலையும், இன்றைக்கு வந்த ரகத்தைச் சொல்லி ஆர்டர் பிடிக்க பிராட்காஸ்டையும் வைத்துக்கொள்கிறார்கள். சேனலில் போடும் ஒவ்வொரு சேலைக்குக் கீழேயும் ஆர்டர் நம்பரைப் போட்டுவிட வேண்டும், பிடித்தவர் அங்கிருந்தே தட்டி வருவதற்கு.