பூ கேட்டு நின்ற ஆச்சார்யர்

அக்கிரகாரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. அதை எடுக்கும்வரை தெருவில் எந்த வீட்டிலும் யாரும் சாப்பிடக் கூடாது, பூஜை செய்யக் கூடாது. கொள்ளி போடப் பிள்ளை இல்லை. பங்காளி முறையில் செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தயங்குகிறார்கள். இறந்த நாரணப்பா குடும்பத்தின் சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவர். கோயில் குளத்து மீனைப் பிடித்துத் தின்றவர். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய சந்திரியோடு வாழ்ந்தவர். அப்படிப்பட்டவருக்குக் காரியம் செய்தால் தங்கள் ஆசாரம் கெடும் என்று பயம். செய்யாமல் விட்டால் பிணம் அழுகும், ஊரே பட்டினி கிடக்கும்.

யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' என்ற கன்னட நாவல் இப்படித் தொடங்குகிறது. 1965-இல் வெளிவந்தது, ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1976-இல் வந்தது. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. சொந்தக் குடும்பத்து மதத்தைப் பற்றி, அதில் வரும் சந்தேகத்தைப் பற்றி, உபதேசமும் செய்யாமல் ஏளனமும் செய்யாமல் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு. அனந்தமூர்த்தி எழுதியது அடுத்த வீட்டு மதத்தை அல்ல. அவர் 1932-இல் சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளி அருகே மேளிகெ கிராமத்தில் மாத்வ பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். நாவலின் அக்கிரகாரமும் மாத்வர்களுடையதுதான். கதையின் பிற்பகுதியில் வரும் தேர்த் திருவிழாகூட மேளிகெயில்தான் நடக்கிறது.

எழுதிய இடம் மட்டும் வெகுதூரம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, எழுத்தாளர் மால்கம் பிராட்பரியுடன் இங்மர் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' படத்துக்குப் போனார். கொள்ளை நோய்க் காலத்தில் கடவுள் ஏன் மௌனமாக இருக்கிறார் என்று கேட்கும் வீரன் ஒருவனின் கதை அது. ஐரோப்பியர்கள் புத்தகத்தில் தேடிப் படிக்கவேண்டிய இடைக்காலம் இந்தியரான தன்னிடம் உயிரோடு இருக்கிறது என்ற எண்ணம் அந்த இரவில்தான் அவருக்குள் வலுப்பட்டது. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பெர்க்மன் படத்தில் இருப்பது போலவே நாவலிலும் கொள்ளை நோய் வருகிறது. நாரணப்பா அந்தக் காய்ச்சலில்தான் சாகிறார். வீடுகளில் எலிகள் செத்து விழுகின்றன, கூரைகளில் கழுகுகள் வந்து உட்காருகின்றன.

நாவலின் பலம் பிரச்சினை எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு பகுத்தறிவாளர் வந்து கேள்வி கேட்கவில்லை. சடங்கின் விதிகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பிணத்தை எடுக்காமல் சாப்பிடக் கூடாது என்பது ஒரு விதி. பிராமணன் அல்லாதவன் அந்தப் பிணத்தைத் தொடக் கூடாது என்பது இன்னொரு விதி. நாரணப்பா பிராமணரா இல்லையா? ஆசாரத்தை அவர் விட்டுவிட்டார். ஆனால் ஊர் அவரைச் சாதியிலிருந்து விலக்கவில்லை. விலக்கினால் முஸ்லிமாக மாறி அக்கிரகாரத்துக்குள்ளேயே இருப்பேன் என்று அவர் மிரட்டியிருந்தார். அவரைத் திருத்துவதாக அவருடைய தாய்க்கு ஊர்ப் பெரியவரான பிராணேசாச்சார்யர் வாக்குக் கொடுத்திருந்தார். எனவே சட்டப்படி அவர் பிராமணராகவே செத்தார். இந்தச் சிக்கலை ஆசாரத்தை நம்புகிறவர் மட்டுமே முழுமையாக உணர முடியும். நம்பாதவருக்கு இது ஒரு சுகாதாரப் பிரச்சினை, அவ்வளவுதான்.

அதனால் அனந்தமூர்த்தி சந்தேகத்தை ஒரு நாத்திகரிடம் ஒப்படைக்கவில்லை. ஊரிலேயே அதிகம் நம்புகிற மனிதரிடம் ஒப்படைத்தார். பிராணேசாச்சார்யர் காசியில் படித்த பண்டிதர். நோயாளி என்று தெரிந்தே பாகீரதியை மணந்தவர். பல ஆண்டுகளாகத் தினமும் அவளைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, அதையே மோட்சத்துக்கான தவமாக நினைத்து வாழ்பவர். ஊர் அவரிடம் விடை கேட்கிறது. ஓலைச் சுவடிகளைப் புரட்டுகிறார், விடை இல்லை. சாஸ்திரத்தில் பதில் கிடைக்காதவர் என்ன செய்வார்? கடவுளிடம் கேட்பார்.

அடுத்து வருவது நாவலின் மிகச் சிறந்த பகுதி. ஆற்றைக் கடந்து மாருதி கோயிலுக்குப் போகிறார். தண்ணீர் கொண்டுவந்து விக்கிரகத்துக்கு அபிஷேகம் செய்கிறார், பூச்சூட்டுகிறார். பிறகு நின்று கேட்கிறார்: காரியம் செய்யலாம் என்றால் வலப்பக்கத்துப் பூவைக் கொடு, கூடாது என்றால் இடப்பக்கத்துப் பூவைக் கொடு. தமிழ்நாட்டில் கோயிலில் பூ வாக்குக் கேட்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். கண் பூவிலேயே இருக்கும், காற்று அசைந்தால் மனமும் அசையும். பிராணேசாச்சார்யர் நேரம் போவதே தெரியாமல் நிற்கிறார். பூ வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. நோயாளி மனைவிக்கு மருந்து கொடுக்கும் வேளை தாண்டிவிட்டது என்ற நினைவு வருகிறது.

இந்த இடத்தை இரண்டு விதமாகக் கெடுத்திருக்கலாம். ஆச்சார்யரின் வாயால் கல்லுக்கு என்ன தெரியும் என்று ஒரு வசனம் பேச வைத்திருந்தால் அது உபதேசம். பூவுக்காகக் காத்திருக்கும் மனிதரின் வியர்வையை வர்ணித்து வாசகரைச் சிரிக்க வைத்திருந்தால் அது ஏளனம். அனந்தமூர்த்தி இரண்டையும் செய்யாமல், சடங்கை அதன் ஒழுங்கிலேயே, படி விடாமல் எழுதினார். எது முதலில், எது அடுத்து, எந்தப் பக்கம் எதைக் குறிக்கும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. விதிமுறை தெரிந்த வாசகர் ஆச்சார்யரோடு சேர்ந்து பூவைப் பார்க்கிறார். பூ விழாதபோது கடவுள் இல்லை என்று எடுத்துக்கொள்வதா, கடவுள் பேச விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்வதா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. ஆச்சார்யருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில், காட்டின் இருட்டில், அவர் சந்திரியைச் சந்திக்கிறார். பசித்தவருக்கு அவள் வாழைப்பழம் கொடுக்கிறாள். அன்றிரவு இருவரும் கூடுகிறார்கள். விழித்ததும் சந்திரி ஊருக்குத் திரும்பி, ஒரு முஸ்லிமின் உதவியோடு, மந்திரம் இல்லாமல் நாரணப்பாவை எரித்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுகிறாள். அக்கிரகாரத்துக்கு இது தெரியாது. எரிந்துபோன பிணத்துக்கு யார் காரியம் செய்வது என்று அவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கதாபாத்திரமும் இதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. நிகழ்வுகளின் வரிசையே போதுமானதாக இருக்கிறது.

சந்தேகம் வந்த பிறகு மனிதர் விடுதலை அடைந்துவிடுவார் என்ற எளிய கணக்கையும் நாவல் ஏற்கவில்லை. மனைவி இறந்து, தகனம் செய்துவிட்டு, தீட்டோடு பிராணேசாச்சார்யர் ஊரைவிட்டுப் போகிறார். மேளிகெ தேர்த் திருவிழாவில் கோயில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். தான் உடைத்த விதிகளை மனதுக்குள் நியாயப்படுத்திக்கொண்டவர்தான். ஆனாலும் இலை முன் உட்கார்ந்ததும், தீட்டோடு இருக்கும் தன்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ, தேரும் திருவிழாவும் தன்னால் தீட்டாகுமோ என்று நடுங்குகிறார். புத்தி விட்டுவிட்டதை உடம்பு விடவில்லை. பழைய ஆசாரத்தில் வளர்ந்து அதிலிருந்து விலகிய எவரும் இந்த நடுக்கத்தை அறிவார்கள். இதை எழுதாமல் விட்டால் சந்தேகத்தைப் பற்றிய எழுத்து பாதி பொய்யாகிவிடும்.

ஆனால் அனந்தமூர்த்தியும் ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார் என்றே சொல்லவேண்டும். பிராணேசாச்சார்யருக்குக் கொடுத்த உள்மனதை மற்ற பிராமணர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. சந்திரி காரியச் செலவுக்காகத் தன் நகைகளைக் கழற்றி வைத்ததும் தயங்கியவர்களின் கண்கள் தங்கத்தின் மேல் போகின்றன. தாசாசார்யர் பெருந்தீனிக்காரராக மட்டுமே தெரிகிறார். அக்கிரகாரத்துப் பெண்கள் வற்றிய உடம்புகளாகவும், சந்திரியும் பெள்ளியும் செழித்த உடம்புகளாகவும் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சமூகத்தின் ஆண்களைப் பேராசையாலும் பெண்களை உடலாலும் சுருக்கும்போது எழுத்து கேலிச்சித்திரத்தின் பக்கம் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அந்தக் கதாபாத்திரம் ஏன் அந்தச் சடங்கைச் செய்கிறது என்று அதன் வாயாலேயே ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். பிராணேசாச்சார்யரால் முடியும். தாசாசார்யரால் முடியாது.

சத்யஜித் ராயின் 'தேவி' (1960) திரைப்படம் இந்தச் சோதனையில் இன்னும் நன்றாகத் தேறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ஒரு ஜமீன்தார், தன் இளைய மருமகள் தயாமயி காளியின் அவதாரம் என்று கனவு காண்கிறார். அவளைப் பீடத்தில் உட்கார வைத்துப் பூஜை நடக்கிறது. மாமனார் கொடியவர் அல்ல. மருமகள்மேல் பாசமும் தேவிமேல் பக்தியும் கொண்டவர், இரண்டும் ஒன்றாகிவிட்ட நிலையில் அவளைத் தெய்வமாகவே பார்க்கிறார். சாகக் கிடந்த ஒரு குழந்தை அவளுடைய பாத தீர்த்தம் குடித்துப் பிழைக்கிறது. அது எப்படி என்று ராய் விளக்கவில்லை. கல்கத்தாவில் படிக்கும் கணவன் அவளை அழைத்துப்போக வரும்போது, அவள்தான் பின்வாங்குகிறாள்: உண்மையிலேயே தான் தேவியாக இருந்தால்? சந்தேகம் இங்கே தலைகீழாக, தன் மனிதத்தன்மையின் மேலேயே வருகிறது. பிறகு வீட்டுக் குழந்தையே நோயில் விழ, அவளை நம்பி வைத்தியம் பார்க்காமல் விட்டு, அந்தக் குழந்தை சாகிறது. முதல் குழந்தை பிழைத்ததைக் காட்டாமல் விட்டிருந்தால் இரண்டாவது மரணம் வெறும் பிரசாரமாகியிருக்கும்.

அனந்தமூர்த்தி இந்த வேலையைக் கட்டுரையிலும் செய்தார். சிவமொக்கா மாவட்டம் சந்திரகுத்தியில் ரேணுகாம்பா கோயிலுக்கு, ஆற்றில் குளித்த பக்தர்கள் ஆடையில்லாமல் போய் வழிபடும் நேர்த்தி இருந்தது. 1986-இல் அதைத் தடுக்கப் போன சமூகச் செயல்பாட்டாளர்களும் போலீசாரும் பக்தர்களால் தாக்கப்பட்டு, சிலரின் ஆடைகளும் களையப்பட்டன. பிறகு அரசு அந்த வழிபாட்டைத் தடை செய்தது. சோஷலிஸ்டான அனந்தமூர்த்தி தடுக்கப் போனவர்களின் பக்கம் எளிதாக நின்றிருக்கலாம். ஆனால் நிர்வாண பூஜை ஏன் கூடாது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, தன் படித்த மனம் எதைப் பார்த்து வெட்கப்படுகிறது என்று தன்னையே விசாரித்து எழுதினார்.

சிறுவயதில், ஊரார் பயந்து வணங்கிய பூதக் கற்களின்மேல் யாரும் பார்க்காதபோது சிறுநீர் கழித்து, அவற்றுக்குச் சக்தி உண்டா என்று சோதித்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் அது பயத்தோடு போராடும் ஒரு சிறுவனின் கதை. கல்லை அவமதிக்கும் தைரியசாலியின் கதை அல்ல. 2014-இல் பெங்களூரில் மூடநம்பிக்கை எதிர்ப்பு மசோதா பற்றிய கூட்டத்தில் அறிஞர் எம். எம். கல்புர்கி இந்த நிகழ்ச்சியை மேற்கோள் காட்டினார். சிறுவனும் பயமும் இருட்டும் விலகி, செய்கை மட்டும் செய்தியாகப் பரவியது. இருவருக்கும் எதிராகப் போராட்டங்கள் நடந்தன. கட்டுரையை முழுதாகப் படித்தவர்களுக்கு அந்தச் சிறுவன் ஏன் அந்தக் கல்லைத் தேடிப் போனான் என்பது தெரியும்: சக்தி இல்லாத கல்லென்று உறுதியாக நம்பியிருந்தால் அவன் அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை.