பளபளத்த ஹெல்மெட் தோற்றது, கீறல் விழுந்தது தேறியது

அக்காள் மகனுக்கு மோட்டார் லைசென்ஸ் கிடைத்த வாரம். கல்லூரிக்கு இனி மோட்டாரில்தான் போவேன் என்றான். வீட்டில் சும்மா கிடக்கும் என் பழைய முழுமுக ஹெல்மெட்டைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கறுப்பு நிறம், பளபளப்பு குறையாதது, பின்பக்கம் சிரிம் முத்திரை அப்படியே இருந்தது. முன் கண்ணாடியில் மட்டும் கீறல். அதை மாற்றினால் போதும் என்று கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஹெல்மெட் கடைக்கு எடுத்துப் போனேன். அவன் கூடவே வந்தான். கையில் அவன் அப்பாவின் ஹெல்மெட். அதன் ஓடு முழுக்கக் கீறல். "இத போட்டா கூட்டாளிங்க சிரிப்பாங்க சித்தி" என்பது அவன் வாதம்.

கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைத் தேடப் போகாமல் முதலில் என் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து உள்ளே கையை விட்டார். கன்னப் பஞ்சுகளைப் பட்டன் கழற்றி எடுத்தார். பிறகு தலைத் துணியையும் உருவினார். ஏழு வருடம் தலையில் வைத்திருந்தும் நான் ஒரு நாள்கூடப் பார்க்காத ஒன்று உள்ளே தெரிந்தது. மீன் கடை ஐஸ் பெட்டி போன்ற கெட்டியான போலிஸ்டைரின்.

"தங்கச்சி, ஹெல்மெட்னா இதுதான். வெளிய இருக்கறது சட்டை மாதிரி" என்றார்.

ஓட்டுக்கு வேலையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கூரான கல்லோ கம்பியோ உள்ளே புகாமல் தடுப்பதும், ஓரிடத்தில் விழும் அடியை அகலமாகப் பரப்புவதும் ஓடுதான். ஆனால் தலையை மெதுவாக நிறுத்துவது உள்ளே இருக்கும் இ.பி.எஸ் என்னும் போலிஸ்டைரின். அது சிறுசிறு மணிகளை ஊதி ஒட்டவைத்த பொருள். மணிகளுக்குள் காற்று இருக்கிறது. தலை மோதும்போது மணிகள் நசுங்குகின்றன. அந்த நசுங்கலில்தான் மோதலின் வேகம் கரைகிறது. மெத்தைப் பஞ்சைப் போல அது மறுபடி முழுசாக எழும்பி வராது. ஓர் இடத்தில் ஒரு முறைதான் வேலை செய்யும்.

சில சென்டிமீட்டர் நுரை எவ்வளவு உதவும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் 22-ஆம் விதிமுறை பல நாடுகள் ஏற்ற ஹெல்மெட் தரம். அதன் 22.05 பதிப்பில், தலை மாதிரி ஒன்றை ஹெல்மெட்டோடு வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில், இரும்புப் பரப்பின்மேல் விழவிடுவார்கள். உள்ளே இருக்கும் தலை மாதிரி உணரும் உலுக்கல், புவியீர்ப்பைப் போல 275 மடங்கைத் தாண்டக்கூடாது. நுரை 2.5 சென்டிமீட்டர் வரை சீராக நசுங்கிக் கொடுத்தால் உலுக்கல் ஏறக்குறைய 115 மடங்கு. அதே தலைக்கு நசுங்க 1 சென்டிமீட்டர்தான் மிச்சம் என்றால் 287 மடங்கு. உண்மையில் நுரை இவ்வளவு சீராக நசுங்காது, அதனால் இரண்டு எண்களுமே இன்னும் ஏறும். இருந்தாலும் விஷயம் புரிகிறது. ஏற்கெனவே நசுங்கிய இடத்தில் இரண்டாவது அடி விழுந்தால், ஹெல்மெட் போட்டிருந்தும் அந்த இடத்தில் பாதி ஹெல்மெட்தான் போட்டிருக்கிறோம்.

கடைக்காரர் டார்ச் அடித்தார். என் ஹெல்மெட்டின் உச்சிக்கு இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு பள்ளம். "மோட்டார் சைடு கண்ணாடியில மாட்டி வைப்பியாம்மா?" என்று கேட்டார். ஆமாம். தினமும் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் அப்படித்தான். ஹெல்மெட்டின் மொத்த எடையும் கண்ணாடியின் விளிம்பில், ஒரே இடத்தில் அழுந்துகிறது. துணி அதை மறைத்துவிடுவதால் வருடக்கணக்கில் தெரியவே இல்லை.

பின்னந்தலைப் பக்கம் இன்னொன்று. கட்டை விரல் அகலத்துக்கு நுரை மினுமினுப்பாக, மணிகள் தட்டையாகிக் கிடந்தன. பக்கத்தில் மெல்லிய விரிசல். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் மழை நாளில் சந்திப்பு ஒன்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். முழங்கையில் மட்டும் காயம். ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன், ஓட்டில் சின்னத் தேய்ப்பு. மெழுகு போட்டுத் துடைத்ததும் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதையேதான் தினமும் போட்டேன்.

"அன்னைக்கு அது வேலையை முடிச்சிடுச்சு. நீதான் ஓய்வு கொடுக்கல" என்றார்.

இந்த இடத்தில் அவர் சொன்ன வேறுபாடு பலருக்கும் உதவும். சீட்டிலிருந்து காலி ஹெல்மெட் தவறி விழுந்தால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே தலை இல்லாததால் நுரையை உள்ளிருந்து நசுக்க எடையும் இல்லை. ஓட்டைப் பார்த்தால் போதும். தலை உள்ளே இருக்கும்போது விழுந்தால் கதை வேறு. நான்கைந்து கிலோ எடையுள்ள தலை நுரையை ஓட்டோடு வைத்து அழுத்துகிறது. நசுங்கிய நுரை கொஞ்சம் எழும்பிக்கொள்வதால் எல்லாச் சேதமும் கண்ணில் படாது. ஆகவே தலையோடு அடிபட்ட ஹெல்மெட்டைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவதே முறை.

அடுத்து அவன் அப்பாவின் ஹெல்மெட். அத்தான் வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. எங்கும் மோதியதில்லை, ஆனால் மோட்டார் கொட்டகையில் சுவரோடு உரசி உரசி அசிங்கமாகிவிட்டது. கடைக்காரர் அதை மெதுவாகவே பார்த்தார்.

முதலில் ஓடு. மேல் வண்ணத்தில் மட்டும் இருக்கும் கீறல் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது நகம் மாட்டிக்கொள்ளும் ஆழமான வெட்டு, சிலந்தி வலை போன்ற மெல்லிய விரிசல், இவைதான் ஆபத்து. ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் ஓடு அளவுக்கு மீறி வளைந்திருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். கண்ணாடி இழை ஓட்டில் அடுக்குகள் பிரிந்திருந்தால், நாணயத்தால் தட்டும்போது மற்ற இடங்களில் 'டக்' என்று கேட்பது அங்கே மட்டும் மந்தமாகக் கேட்கும். பிறகு இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக அமுக்கி, காதருகே வைத்து முறுகல் சத்தம் வருகிறதா என்று கேட்டார். இல்லை.

பிறகு நுரை. துணியை எடுத்துவிட்டுக் கட்டை விரலின் சதைப் பகுதியால் உள்பக்கம் முழுக்கத் தடவினார். நகம் படவே கூடாது, நாமே பள்ளம் போட்டுவிடுவோம். எல்லா இடமும் ஒரே மாதிரி கெட்டியாக, மணிகள் உருண்டையாக இருந்தன. ஓட்டுக்கும் நுரைக்கும் நடுவே இடைவெளி இல்லை, அசைத்தாலும் நுரை ஆடவில்லை.

கடைசியில் பொருத்தம். அவன் தலையில் போட்டு வாரைக் கட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் புரட்டினார். ஹெல்மெட் நெற்றி வரை இறங்கிவிட்டது. கன்னப் பஞ்சு சப்பையாகிப் போயிருந்தது. வியர்வையும் தலை எண்ணெயும் முதலில் தின்பது இந்தப் பஞ்சைத்தான். எவ்வளவு நல்ல நுரையாக இருந்தாலும், விழும் நேரத்தில் ஹெல்மெட் தலையில் இல்லாவிட்டால் பயனில்லை. புதிய கன்னப் பஞ்சு மாட்டியதும் மறுபடி புரட்டினார். இந்த முறை அவன் கன்னத் தோல்தான் கூடவே நகர்ந்தது, ஹெல்மெட் நகரவில்லை. தேறியது.

அவன் முகம் வாடிப்போனது.

"அப்போ ஏழு வருஷம் ஆனதாலயா அண்ணே என்னோடது போச்சு?" என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. வயதானால் நுரை தானாகச் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சைக்கிள் ஹெல்மெட்டுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அடிபடாத இ.பி.எஸ் பல வருடத்துக்குப் பிறகும் வேலை செய்தது. அப்படியானால் ஐந்து வருடத்தில் மாற்றுங்கள் என்று அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை ஏன் சொல்கிறது? மூப்படைவது நுரை மட்டுமல்ல. ஒட்டுப் பசை, பஞ்சு, வார், ஓட்டின் பிசின் எல்லாம் வெயிலிலும் வியர்வையிலும் தளர்கின்றன. என் ஹெல்மெட்டில் நடந்ததைப் போல மறந்துபோன சின்னச் சின்ன அடிகளும் சேர்கின்றன. தினமும் வெயிலில் காயும் ஹெல்மெட்டுக்கு அந்த ஐந்து வருடமே அதிகமாக இருக்கலாம். பல தயாரிப்பாளர்கள் பயன்பாட்டில் ஐந்து வருடம், தயாரித்த தேதியிலிருந்து ஏழு வருடம் என்று இரண்டு கணக்கு வைக்கிறார்கள். தயாரித்த தேதி பெரும்பாலும் துணிக்கு அடியிலோ வாரில் தைத்த சீட்டிலோ இருக்கும். மலிவு விலையில் பழைய சரக்கு வாங்கும்போது அதைப் பார்ப்பது நல்லது.

சிரிம் முத்திரையைப் பற்றியும் கேட்டேன். அந்த மாடல் புதிதாக இருந்தபோது சோதனையில் தேறியது என்பதற்குத்தான் அது சாட்சி. நம் ஹெல்மெட்டுக்கு அதற்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

ஒரு காரியத்தை மட்டும் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். ஸ்டிக்கர் கறையை எடுக்கத் தின்னரோ பெட்ரோலோ போடுவது. போலிஸ்டைரின் துண்டைப் பெட்ரோலில் போட்டால் கண்ணெதிரே கரைந்து பசையாகிவிடும். பிளாஸ்டிக் ஓட்டிலும் தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கிளம்பும். குழந்தை ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். காயவைப்பது நிழலில்.

கிளம்பும் முன் என் ஹெல்மெட்டின் வாரைக் கத்தரியால் இரண்டாக நறுக்கித் தந்தார். குப்பையில் போட்டாலும் பளபளப்பைப் பார்த்து யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்களாம். நானே இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால், அதை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கப் போகிறவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவன் கீறல் விழுந்த ஹெல்மெட்டில்தான் இப்போது கல்லூரிக்குப் போகிறான். கூட்டாளிகள் சிரித்தார்களாம். அவர்களுடைய ஹெல்மெட்டின் துணியை உருவிக் காட்டச் சொன்னானாம். மூன்று பேரில் ஒருவனுடையதில் பிறை வடிவப் பள்ளம் இருந்ததாகச் சொன்னான்.