ஒரு வீடு கட்ட எத்தனை லாரித் தண்ணீர்?

வீட்டு வேலைக்கான மதிப்பீட்டில் சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். தண்ணீருக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகையைக் குத்துமதிப்பாகப் போட்டுவிடுவார்கள். மனையில் நல்ல ஆழ்துளைக் கிணறு இருந்தால் இதனால் பெரிய தொல்லை வராது. ஆனால் சென்னைப் புறநகரைப் போல லாரித் தண்ணீரை நம்பிக் கட்டும் இடங்களில், எந்த வாரம் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது முன்பே தெரியாவிட்டால் வேலை பாதியில் நிற்கும், அல்லது கான்கிரீட் காய்ந்துபோகும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வீடு 1,000 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கொண்டது. தூண்களும் பீம்களும் கான்கிரீட்; சுவர்கள் சூளைச் செங்கல். சிமெண்ட் சுமார் 420 மூட்டை, செங்கல் சுமார் 20,000, மொத்த வேலை நாட்கள் 150.

கலவைக்குப் போகும் தண்ணீர்

தண்ணீர் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கலவைதான். உண்மையில் மொத்தத் தேவையில் அதன் பங்கு மிகச் சிறியது. சாதாரண எம்20 கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று ஐ.எஸ். 456:2000 வரம்பு வைத்திருக்கிறது. கட்டுவேலை, பூச்சுக் கலவைகளில் மணல் அதிகம் என்பதால் மூட்டைக்கு 40 லிட்டர் வரை பிடிக்கும். 420 மூட்டையில் 250 கான்கிரீட்டுக்கும் 170 கட்டுவேலை, பூச்சு, தரை ஆகியவற்றுக்கும் போனால், கலவைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 15,000 லிட்டர்தான்.

இந்த இடத்தில் தண்ணீர் கூடினால்தான் கெடுதல். கலவை எளிதாக ஓட வேண்டும் என்று கூடுதலாக ஒரு வாளி ஊற்றினால், சிமெண்டோடு சேராத அந்த நீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்லும். வலிமை குறையும், பிற்காலத்தில் தளம் ஒழுகவும் வழி பிறக்கும். மழையில் நனைந்த மணலிலேயே மூட்டைக்கு மூன்று, நான்கு லிட்டர் நீர் இருக்கும் என்பதால், அத்தகைய நாளில் ஊற்றும் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

நீராற்றலுக்குப் போகும் தண்ணீர்

தண்ணீரைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் கியூரிங் எனப்படும் நீராற்றல். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை; நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. மேற்பரப்பு காய்ந்துவிட்டால் அந்த வினை அங்கேயே நின்றுவிடும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் தொடர்ந்து ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. கலப்புச் சிமெண்டுக்கு அதை 14 நாட்களாக நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. இன்று வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் பி.பி.சி. வாங்குவதால் இந்தக் கணக்கில் தளத்துக்கு 14 நாட்கள் வைக்கப்படுகிறது.

மேல்தளத்தில் கலவையால் சிறு வரப்பு எழுப்பிப் பாத்தி கட்டி நீர் நிறுத்துவார்கள். நீட்டல்களையும் சேர்த்துத் தளப் பரப்பு 100 சதுர மீட்டர் என்றால், 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுத்த முதல் நாள் 5,000 லிட்டர் வேண்டும். பிறகு வெயிலில் ஆவியாவதும் வரப்பில் கசிவதும் சேர்ந்து நாளொன்றுக்கு 12 மில்லிமீட்டர் குறைந்தால், தினமும் 1,200 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். பதினான்கு நாட்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 20,000 லிட்டர். சித்திரை வெயிலில் இது இன்னும் ஏறும். ஐப்பசி மழையில் பாதியாகக் குறையலாம்.

தூண்களில் நீரை நிறுத்த முடியாது. கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டி, ஒரு நாளில் மூன்று நான்கு முறை நனைக்க வேண்டும். அஸ்திவாரம், தூண், பீம், லிண்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10,000 லிட்டர் ஆகும். சாக்கு இல்லாமல் வெறும் தூணில் தண்ணீர் அடித்தால் அதைவிடப் பல மடங்கு செலவாகும். கால் மணி நேரத்தில் தூண் மறுபடியும் வெளுத்துவிடும். ஈரம் போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இந்த வெளுப்பே போதும். கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்த கான்கிரீட் திட்டுத்திட்டாக வெளுக்கும் இடத்தில் நீராற்றல் நின்றுவிட்டது என்று பொருள்.

சூளைச் செங்கல் கட்டுவதற்கு முன் ஊற வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடுவதால் கலவை இறுகாமல் உதிரும். ஒரு செங்கல் அரை லிட்டர் குடிக்கும் என்று கொண்டால் 20,000 செங்கல்லுக்கு 10,000 லிட்டர். கட்டிய சுவரை ஏழு நாட்கள் நனைக்க இன்னொரு 10,000 லிட்டர். பூச்சுக்கு முன் சுவரை நனைக்கவும், பூசிய பின் ஏழு நாட்கள் ஈரம் காக்கவும் 15,000 லிட்டர். பூச்சில் நீர் குறைந்திருந்தால் பல மாதங்கள் கழித்தும் அது தெரியும்: நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், தட்டினால் உள்ளே கூடாகச் சத்தம் கேட்கும்.

பேஸ்மென்டுக்குள் நிரப்பும் மண்ணுக்கான தண்ணீர் பலருடைய கணக்கில் விடுபட்டுப் போகிறது. 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் மண் 50 கன மீட்டருக்கு மேல் ஆகும். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க 10,000 லிட்டர் போகும். இதில் மிச்சம் பிடித்தால் சில ஆண்டுகளில் தரை டைல்ஸ் உள்வாங்கும்.

கழுவவும் புழங்கவும்

கலவை இயந்திரம், சட்டி, மண்வெட்டி, கரணை ஆகியவற்றை அன்றன்றே கழுவாவிட்டால் ஒட்டிய கலவை கல்லாகிவிடும். கொத்தனார்களும் சித்தாள்களுமாக எட்டுப் பேர் கைகால் கழுவவும், கழிப்பறைக்கும் தண்ணீர் வேண்டும். சராசரியாக நாளைக்கு 250 லிட்டர் என்றால் 150 நாட்களில் 37,500 லிட்டர். ஒவ்வொரு நாளும் சிறியதாகத் தெரியும் இந்தச் செலவுதான் மொத்தப் பட்டியலில் தனித்த பெரிய இனம். காவலாளி குடும்பத்தோடு மனையிலேயே தங்கினால் இது இரு மடங்குக்கு மேல் ஆகும். கடைசியாக, தரை வேலை, கழிப்பறைத் தளத்திலும் தொட்டிகளிலும் நீர் நிறுத்திக் கசிவு பார்ப்பது, வீட்டைக் கழுவி விடுவது எல்லாவற்றுக்கும் 15,000 லிட்டர்.

இவற்றைக் கூட்டினால் 1,42,500 லிட்டர் வருகிறது. குழாய்க் கசிவுக்கும் சிந்துவதற்கும் 20 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 1,71,000 லிட்டர். இதில் கலவைக்குள் போனது பத்தில் ஒரு பங்குதான். கட்டம் கட்டமாகப் பிரித்தால் கணக்கு இப்படி அமையும்:

- அஸ்திவாரம் முதல் பேஸ்மென்ட் வரை: 32,000 லிட்டர்
- சுவர், தூண், லிண்டல்: 44,000 லிட்டர்
- மேல்தளம்: 33,000 லிட்டர்
- பூச்சு, தரை, இறுதி வேலைகள்: 62,000 லிட்டர்

12,000 லிட்டர் லாரியில் இது 15 நடை. குறுகிய தெருவில் 6,000 லிட்டர் வண்டிதான் நுழையும் என்றால் 29 நடை.

சேமிப்பை முடிவு செய்யும் நாள்

மொத்த அளவு செலவைச் சொல்லும். எவ்வளவு சேமித்து வைக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைத் தீர்மானிப்பது தளம் போடும் நாள். மனையிலேயே கலந்து 14 கன மீட்டர் கான்கிரீட் போட்டால் 112 மூட்டை சிமெண்ட் ஆகும். கலவைக்கு மட்டும் 3,400 லிட்டர். சென்ட்ரிங்கை நனைக்க, இயந்திரம் கழுவ, அன்று கூடும் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு என்று இன்னும் 1,300 லிட்டர். அன்று மாலைக்குள் 4,700 லிட்டர் தீரும். மறுநாள் காலை பாத்தியை நிரப்ப 5,000 லிட்டர். ஆக, 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10,000 லிட்டர் கையில் இருக்க வேண்டும். தளம் போடும்போது தண்ணீர் தீர்ந்து வேலை நின்றால், முதலில் போட்டது இறுகிவிடும். பின்னால் போடுவது அதோடு ஒன்றாகப் பிணையாது. அந்த இணைப்புக் கோட்டில்தான் பிற்காலத்தில் ஒழுகும்.

இதற்கு நல்ல வழி, வீட்டுக்கு எப்படியும் தேவைப்படும் நிலத்தடித் தொட்டியை, அதாவது சம்ப்பை, முதல் வேலையாகக் கட்டிவிடுவது. உட்புறம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீர் ஆழம் என்றால் 12,000 லிட்டர் பிடிக்கும். ஒரு பெரிய லாரி முழுதாக இறங்கும். தளம் போடுவதற்கு முந்தைய மாலையே இதை நிரப்பிவிட வேண்டும். மறுநாள் பாத்தியும் நிரம்பிய பின் தொட்டியில் 2,300 லிட்டர் மிஞ்சும். அப்போது ஒரு 9,000 லிட்டர் லாரி வந்தால், தினமும் 1,500 லிட்டர் வீதம் ஒரு வாரம் ஓடும். அடுத்த வாரத்துக்கு இன்னொரு நடை. சம்ப் தயாராகும் வரையுள்ள முதல் சில வாரங்களுக்கு 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு மூன்றும், கலவை இடத்தருகே 200 லிட்டர் பேரல்களும் வேண்டும். அந்த நாட்களுக்குச் சிறிய வண்டியே பொருந்தும்.

இந்தத் தொட்டியே அளவுகோலாகவும் பயன்படும். அதன் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர்; எனவே 6,000 லிட்டர் இறங்கினால் நீர்மட்டம் சரியாக 1 மீட்டர் உயர வேண்டும். ஒரு கோலை விட்டு முன்னும் பின்னும் அளந்தால், லாரியில் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அளவோடு உப்பையும் பார்க்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அமில கார அளவு 6-க்குக் குறையக் கூடாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த வரம்பைத் தாண்டக்கூடும். அத்தகைய நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சுவரில் வெள்ளை உப்புப் பூக்கவும் அது காரணமாகலாம். எனவே வேலை தொடங்கும் முன்பே ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். லாரிக்காரர் நீர் எடுக்கும் இடம் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

வேலை முழுதும் முடிந்தபின் சம்ப்பின் அடியில் சிமெண்ட்டும் மணலும் படிந்திருக்கும். அதை வாரி எடுத்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, கழுவிய நீரை முழுவதும் இறைத்துவிட்ட பிறகே வீட்டுப் புழக்கத்துக்கான முதல் தண்ணீரை அதில் விட வேண்டும்.