கிளைமொழி எங்கே முடிகிறது?

மண்டபத்தூர் காரைக்காலின் வடகரையில் உள்ள மீனவ ஊர். இங்கிருந்து வடக்கே போனால் தமிழ்நாடு, அப்புறம் தரங்கம்பாடி. தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்து ஆங்கிலேயருக்குப் போனது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையில் சில காலம் தவிர, 1954 வரை அவர்களிடம் இருந்தது. இத்தனை ஆட்சி எல்லைகளுக்குப் பிறகும் இரண்டு கரையிலும் பேச்சு ஒன்றுதான். ஆனால் காரைக்காலோடு ஒரே புதுச்சேரி ஆட்சியில் இருக்கும் மாஹேயில் பேசுவது மலையாளம். ஆக, ஆட்சி எல்லை மட்டும் மொழியைப் பிரித்துவிடாது; ஒரே ஆட்சி என்பதால் மொழி ஒன்றாகிவிடவும் செய்யாது.

அப்படியென்றால் எது கிளைமொழி, எது தனிமொழி? முதலில் ஒரு தவறான அளவுகோலைத் தள்ளிவைக்கலாம்: சொல் வேறுபாடு. கச்சான் என்றால் எங்கள் கடற்கரையில் காற்று. ஈழத்தில் அது வேர்க்கடலையும்கூட. இதனால் இரண்டும் இரு மொழிகள் ஆகிவிடவில்லை. சொல் கடல் கடந்து போகும், வரும். இலக்கணம் அவ்வளவு லேசில் நகராது. அதனால் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்'. எங்க ஊரில் 'வந்துகிட்டிருக்கான்'. பிராமணர் பேச்சில் 'வந்துண்டிருக்கான்'. மூன்றிலும் 'கொண்டு' இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருக்கிறது. இந்தத் தேய்மானம் அந்தந்தப் பேச்சில் ஒழுங்காக நடப்பது: 'பாத்துகிட்டிருக்கான்', 'பாத்துண்டிருக்கான்' என்று அடுத்த வினையையும் நாமே ஊகித்துவிடலாம். மழை 'மளை' ஆனால் பழமும் 'பளம்' ஆகும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றை விதியால் பெற முடிகிறபோது அவை கிளைமொழிகள். 'கொச்சை' என்று தள்ளப்படுவது பிழை அல்ல, இன்னொரு விதி. எழுத்துத் தமிழும் இந்த வரிசையில் ஒன்றுதான். அச்சும் பள்ளிக்கூடமும் அதற்கு மேடை போட்டுக் கொடுத்தன, அவ்வளவே.

யாழ்ப்பாணத்தார் 'நான் வந்தன்', 'அவை வந்தினம்' என்பார்கள். நாங்கள் 'வந்தேன்', 'வந்தாங்க' என்போம். விகுதி வேறு, ஆனால் யார் வந்தார் என்பதை வினையே சொல்லும் அமைப்பு ஒன்று. மலையாளத்தில் அந்த அமைப்பே போய்விட்டது: ஞான் வன்னு, அவன் வன்னு, அவர் வன்னு. யார் என்று வினை சொல்வதில்லை. இங்கே மாறியிருப்பது ஒலி மட்டுமல்ல, வாக்கியத்தின் எலும்பு. இதோடு தனி எழுத்தும், தனி இலக்கிய மரபும் சேர்ந்தன. 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம் அந்த மணிப்பிரவாள மரபுக்கு இலக்கணமே வகுத்தது. பிரிவு ஒரே நாளில் நடக்கவில்லை, ஆனால் நடந்தது.

'ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்தால் ஒரே மொழி' என்ற அளவுகோல் பிரபலமானது. அது எங்கே தடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழக சினிமாவும் பத்திரிகையும் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு நம் பேச்சு புரிகிறது. அவர்கள் வேகமாகப் பேசினால் நாம் விழிக்கிறோம். புரிதல் காதை மட்டும் பொறுத்ததல்ல, யாருடைய பேச்சு எங்கும் ஒலிக்கிறது என்பதையும் பொறுத்தது.

இன்னொரு தடுக்கல் நீலகிரியில் இருக்கிறது. இருளர் பேச்சில் தமிழில் இல்லாத நடு உயிரொலிகள் உண்டு. கமில் சுவலெபில் 1973இல் அதை இருள மொழி என்றே தலைப்பிட்டு விவரித்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இருள மொழியையும் எருகுலாவையும் தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் அடக்குகிறது. அதே கணக்கெடுப்பில் படகு கன்னடத்தின் கீழ் போகிறது. மலையாளத்துக்குக் கிடைத்த எழுத்தும் அரசும் பள்ளிக்கூடமும் இருளருக்குக் கிடைக்கவில்லை. இலக்கண வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் பட்டியலில் தனி இடம் பெற முடியவில்லை. பேச்சு தமிழ்க் கணக்கில் சேர்ந்துவிட்டால், இருளக் குழந்தைக்குத் தாய்மொழியில் பாடம் கேட்கும் வாதத்தின் அடியே ஆட்டம் காணும்.

எனவே கேள்விகளைப் பிரித்துக் கேட்பது நல்லது. ஒலியும் உருபும் ஒழுங்காக ஒத்துவருகின்றனவா, வாக்கிய அமைப்பு ஒன்றா என்பது மொழியியல் கேள்வி. எது பாடநூலாகிறது, எது யாருடைய பெயரில் எண்ணப்படுகிறது என்பது அரசியல் கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதை மூடிவிட முடியாது. பேசுகிறவர்கள் தங்கள் பேச்சுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். கடற்கரைப் பேச்சைத் தமிழ் என்று நாங்கள் சொல்கிறோம். அதை யாரும் கொச்சை என்று வெளியே நிறுத்த முடியாது. இருளர் தங்களுடையதை வேறு மொழி என்றால், அதை யாரும் தமிழ் என்று உள்ளே இழுக்கவும் முடியாது.